சின்னப் பரிசுக்குள் ஒரு துண்டுக் கடிதம்: எழுதுவது முதல் கொடுப்பது வரை

பரிசு வாங்குவது ஒரு மாலை வேலை. அதற்குள் செருகி வைக்கும் நான்கு வரிக் குறிப்புதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். கொஞ்சம் அன்பு தெரிய வேண்டும், ஆனால் காதல் கடிதம் ஆகிவிடக் கூடாது. கொஞ்சம் சீண்ட வேண்டும், ஆனால் குத்திவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தாள் தாளாகக் கிழித்துப் போட்டவர்களில் நானும் உண்டு. அப்புறம் நண்பர்கள் சிலருக்கு எழுத உதவியதில் ஒரு வரிசை பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இருவரும் பேசிச் சிரிக்கும் அளவுக்குப் பழக்கம் உண்டு. அந்த நிலையில் கொடுக்கும் குறிப்பு இது. காதலைச் சொல்வதற்கான கடிதம் வேறு. அதற்கு இந்த வழிமுறை பொருந்தாது.

1. முதலில், கொடுக்கலாமா என்று பாருங்கள்

மூன்று இடங்களில் நிறுத்திவிடுங்கள். அவருடைய வேலையோ மதிப்பெண்ணோ உங்கள் கையில் இருந்தால் கொடுக்காதீர்கள். உங்களிடம் “வேண்டாம்” என்று சொல்ல அவருக்குச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தை நீங்கள் புன்னகை என்று தப்பாகப் படித்துக்கொள்வீர்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு துணை இருந்தாலும் விட்டுவிடுங்கள். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள், அவர் உங்களைப் பார்த்திருக்கிறாரா என்பது. பேச்சே இல்லாமல் தூரத்திலிருந்து ரசித்த ஒருவருக்குச் சீண்டல் குறிப்பு போனால், “இந்த ஆள் என்னை எத்தனை நாளாகக் கவனிக்கிறார்” என்ற கேள்விதான் முதலில் எழும்.

ஒரு எளிய சோதனை உண்டு. உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு வேடிக்கை இருக்கிறதா? ஒருவரை ஒருவர் ஏதோ ஒரு விஷயத்தில் ஏற்கெனவே கிண்டல் செய்து, இருவரும் சிரித்திருக்கிறீர்களா? இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் முதலில் பேச்சு வளரட்டும், குறிப்பு காத்திருக்கும்.

2. பரிசு சின்னதாக இருக்கட்டும்

செலவைப் பற்றி ஒரே ஓர் அளவுகோல் போதும். அதே பொருளை அவர் தனக்காக வாங்குவதாக இருந்தால், யோசிக்காமல் வாங்கிவிடுவாரா? அந்த அளவுக்கு மேல் போகாதீர்கள். விலை ஏறினால் பொருளோடு ஒரு கடனும் சேர்ந்து போகிறது. “இதற்கு நான் என்ன திருப்பித் தருவது” என்று அவர் யோசிக்கத் தொடங்கினால், உங்கள் நான்கு வரியை அவர் அந்தக் கணக்கோடுதான் படிப்பார்.

விலையைவிட முக்கியம், அந்தப் பொருள் உங்கள் பொது வேடிக்கையிலிருந்து வர வேண்டும் என்பது. பேனாவை இரவல் வாங்கித் தொலைப்பவருக்கு ஒரு பேனா, சாவியைத் தேடிக்கொண்டே இருப்பவருக்கு ஒரு சாவிக்கொத்து வளையம் என்பது மாதிரி. பொருளே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டால் குறிப்பு நீள வேண்டியதில்லை. பொதுவான பொம்மை, பொதுவான பூச்சாடி என்று போனால் குறிப்பில் விளக்கம் கூடும். விளக்கிய வேடிக்கைக்கு யாரும் சிரிப்பதில்லை.

3. சீண்டலுக்கு விஷயம் பிடிப்பது

பெரும்பாலான குறிப்புகள் கெட்டுப்போகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நேரில் கிண்டல் செய்யும்போது நம் முகம் சிரிக்கிறது, குரல் இழுக்கிறது. தாளில் அதெல்லாம் கிடையாது. எழுதும்போது நம் காதில் நம் குரல் கேட்டுக்கொண்டே இருப்பதால், படிப்பவருக்கும் அது கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஜஸ்டின் க்ரூகரும் அவருடன் சேர்ந்த உளவியலாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். கிண்டல் செய்பவர்கள் தங்கள் நல்ல எண்ணம் மற்றவருக்கு நன்றாகவே தெரியும் என்று நம்புகிறார்கள். கிண்டலுக்கு ஆளானவர்களுக்கோ அது அந்த அளவுக்குத் தெரிவதில்லை என்பது அதன் சாரம். “சும்மா விளையாட்டுக்கு” என்று பக்கத்தில் எழுதிவைப்பதும் சிரிக்கும் முகம் ஒன்றை வரைவதும் இதைச் சரிசெய்யாது. சீண்டும் விஷயத்தையே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதைத் தொடலாம்? அவர் தெரிந்தே செய்கிற, நினைத்தால் நாளைக்கே விட்டுவிடக்கூடிய, அவரே சொல்லிச் சிரிக்கிற ஒரு சின்னப் பழக்கம். தேநீரைப் பாதியில் மறந்துவிடுவது, ஒரே பாட்டை நாள் முழுக்க முணுமுணுப்பது, சதுரங்கத்தில் தோற்றால் “இன்னொரு ஆட்டம்” என்று விடாமல் கேட்பது போன்றவை.

எதைத் தொடக் கூடாது? உடல், நிறம், உயரம், குரல், பேச்சு வழக்கு, குடும்பம், படிப்பு, சம்பளம். இதில் பேச்சு வழக்கை மட்டும் பலர் “அது அழகாகத்தானே இருக்கிறது” என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். அவர் அதற்காக எங்கோ கேலிக்கு ஆளானவராக இருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. இன்னொரு பொறி, அவர் உங்களிடம் சொல்லாமல் நீங்களாகக் கவனித்த விஷயம். தினமும் எந்த நேரத்துக்கு எந்த வழியாக வருகிறார் என்பதெல்லாம் சீண்டலுக்கு ஆகாது, பயமுறுத்தும்.

அடுத்தது, சீண்டல் அவரிடம் தொடங்கி உங்களிடம் முடிய வேண்டும். முதல் வரியில் அவரைக் கொஞ்சம் இழுத்தால், அடுத்த வரியில் உங்களையே விட்டுக்கொடுங்கள். அந்தத் திருப்பத்தில்தான் அன்பு தெரியும். “பிடித்திருக்கிறது” என்ற சொல்லை அவர் மீது நேராகப் போடாமல், அவர் செய்கிற அந்தச் சின்ன விஷயத்தின் மீது போடலாம். படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். புரியாத மாதிரி இருந்துவிடவும் அவருக்கு இடம் இருக்கும். அந்த இடத்தை அவருக்கு விட்டுவைப்பது உங்கள் கடமை.

4. வரி வரியாக எழுதிப் பார்ப்போம்

என் தோழி ஒருத்திக்காக உட்கார்ந்து எழுதிய குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பகிர்ந்துகொள்ள அவள் சம்மதம் சொல்லிவிட்டாள். கூட வேலை பார்க்கும் ஒருவரை அவளுக்குப் பிடிக்கும். அவர் அவளிடம் புத்தகம் வாங்கிப் படிப்பார். படித்த இடத்தை அடையாளம் வைக்கப் பக்கத்தின் மூலையை மடிப்பார். “மறுபடியும் மடிச்சுட்டியா” என்று இவள் கேட்பதும், அவர் கையெடுத்துக் கும்பிடுவதும் வழக்கமாகிவிட்ட வேடிக்கை. ஆக, பரிசு ஒரு புக்மார்க். மேலே சொன்ன எல்லாம் பொருந்தி வந்துவிட்டது: விலை சின்னது, பழக்கம் அவராகச் செய்வது, வேடிக்கை இருவருக்கும் தெரிந்தது.

அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்தது இது:

“உன்னிடம் பேசும் ஒவ்வொரு நிமிடமும் எனக்குப் பொக்கிஷம். இந்தச் சிறிய பரிசை என் நினைவாக வைத்துக்கொள்.”

இதில் பெயரை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவரும் இல்லை, புத்தகமும் இல்லை, மடித்த மூலையும் இல்லை. “என் நினைவாக” என்றதும் ஊரை விட்டுப் போகிறவள் எழுதியது போலவும் ஆகிவிட்டது. நேரில் ஒருபோதும் அவள் வாயில் வராத நடை வேறு.

இரண்டாவது எதிர்த் திசையில் ஓடியது:

“புத்தகத்தை மதிக்கத் தெரியாதவனுக்கு ஒரு புக்மார்க். இனியாவது திருந்து!”

நேரில் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்றாள். உண்மைதான். ஆனால் தாளில் “மதிக்கத் தெரியாதவன்” என்பது அவருடைய குணத்தின் மீது விழுகிறது, பழக்கத்தின் மீது விழவில்லை. ஆச்சரியக்குறி அதை இன்னும் கடுமையாக்குகிறது. மேலும், இதில் அவள் எங்கேயும் இல்லை. சீண்டல் போன இடத்திலேயே நின்றுவிட்டது.

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன்: திரும்பி வந்த புத்தகங்களின் மடிப்பை நீ நிமிர்த்திவிடுவாயா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இல்லை என்றாள். அவர் எந்தப் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்று பார்ப்பது அவளுக்குப் பிடிக்குமாம். குறிப்பு அங்கேயே கிடைத்துவிட்டது. வார்த்தை தேடுவதை நிறுத்திவிட்டு இப்படி ஓர் உண்மையைத் தேடுங்கள். உங்களிடமும் ஒன்று கண்டிப்பாக இருக்கும்.

கடைசியில் போனது இது:

“(பெயர்),
என் புத்தகமெல்லாம் உன்கிட்ட போனா காது மடங்கித்தான் திரும்புது. அதுங்க கூடிப் பேசி இந்த புக்மார்க்கை அனுப்பியிருக்கு.
ஆனா அந்த மடிப்பு ஒண்ணைக்கூட நான் நிமிர்த்தலை. நீ நின்ன இடத்தையெல்லாம் பார்க்கப் பிடிச்சிருக்கு.
அடுத்து எது வேணும்னு சொல்லு.
(அவள் பெயர்)”

ஏன் இது வேலை செய்கிறது என்று பார்ப்போம். புகாரைச் சொல்வது புத்தகங்கள், அவள் இல்லை. அதனால் குற்றச்சாட்டில் காரம் போய்விடுகிறது. “ஆனா” வந்த இடத்தில் பேச்சு அவள் பக்கம் திரும்புகிறது. “பிடிச்சிருக்கு” என்பது மடித்த பக்கத்தைப் பற்றியதுதான், ஆனால் யாருக்கும் அது மடித்த பக்கத்தோடு நின்றுவிட்டதாகத் தோன்றாது. கடைசி வரி சுலபமாகப் பதில் சொல்லக்கூடியது. ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால் போதும். அதற்கு மேல் எதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. “உனக்கும் அப்படியா?” என்று முடித்திருந்தால் அவரை மூலையில் நிறுத்தியதாக இருந்திருக்கும்.

முழுதும் முப்பது சொல் அளவுதான். உங்களுடையது ஐம்பதைத் தாண்டினால் இரண்டு விஷயம் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

நடையைப் பற்றி இரண்டு விஷயம். நேரில் “நீங்க” என்று பேசுபவர் குறிப்பில் “நீ”க்கு இறங்காதீர்கள், “நீ” என்பவர் “தாங்கள்” என்று ஏறவும் வேண்டாம். கூட்டமாக இருக்கும்போது மட்டும் “வாடா, போடி” என்று பேசுகிறவர்கள் அதைத் தாளில் விட்டுவிடுவது நல்லது. அடுத்து, பேச்சுத் தமிழில் எழுதினால் சில சொற்கள் இரண்டு பக்கமும் படியும். “எங்க நிறுத்தினேன்னு பார்த்தேன்” என்றால் நிறுத்தியது நானா நீயா? பேச்சில் குழப்பம் வராது, தாளில் வரும். அதனால்தான் மேலே “நீ நின்ன இடம்” என்று மாற்றினோம். எழுதியதை ஒரு முறை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், அறிவிப்பு வாசிப்பது போலச் சத்தமாகப் படியுங்கள். அப்படியும் கடுமை தெரியவில்லை என்றால் தப்பித்தீர்கள். பிறகு ஓர் இரவு அப்படியே கிடக்கட்டும். இரவில் எழுதியது காலையில் கொஞ்சம் அதிகமாகவே இனிக்கும்; அதில் ஒரு வரியை எடுக்கத் தோன்றும், எடுத்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் கட்டாயம். இந்தத் தாள் அவர் வீட்டில் வேறொருவர் கையில் கிடைத்தால் அவருக்குத் தொல்லை வருமா? வரும் என்றால் அந்தச் சொல்லை மாற்றுங்கள். மேலே உள்ள குறிப்பை யார் படித்தாலும் புத்தகம் பரிமாறிக்கொள்ளும் இரண்டு பேர் என்றுதான் தெரியும்.

5. தாள், பேனா, மடிப்பு

தேவையான பொருள்கள் கொஞ்சம்தான். ஏ4 தாளை நான்காக வெட்டினால் கிடைக்கும் ஏ6 அளவு, அதாவது 105 மி.மீ. அகலம், 148 மி.மீ. உயரம், இதற்குக் கச்சிதம். அதை நடுவில் ஒரு தடவை மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு தாளை வெட்டினாலே நான்கு துண்டு கிடைப்பதால், கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளத் துண்டுகள் கையில் இருக்கும்.

சாதாரண நகலெடுக்கும் தாள் 70, 80 ஜி.எஸ்.எம். கனம் கொண்டது. பந்துமுனைப் பேனாவுக்கு அது போதும். மைப்பேனா என்றால் 100 முதல் 120 வரை கனமுள்ள தாள் நல்லது. மை கசிந்து பின்பக்கம் தெரியாது. 200க்கு மேல் போனால் அது அட்டை. மடித்தால் மடிப்பில் வெடிக்கும், சின்னப் பரிசுக்குள் விறைத்துக்கொண்டும் நிற்கும். பளபளப்பான தாளைத் தொடவே தொடாதீர்கள். ஜெல் மை அதன் மேல் வெகுநேரம் ஈரமாகவே இருக்கும். எந்தப் பேனாவானாலும் அதே தாளின் ஓரத்துண்டில் ஒரு கோடு எழுதி, அரை நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். இழுத்துக்கொண்டு வந்தால் அந்தப் பேனாவும் அந்தத் தாளும் சேராது.

வரி கோணலாகப் போகும் என்று பயந்து பென்சிலில் கோடு போட்டு, எழுதி, அழிப்பார்கள். அழிக்கும்போது ரப்பர் மையையும் கொஞ்சம் மங்கவைக்கும், எழுத்தும் தீற்றும். அதைவிட, ஒரு தாளில் 8 மி.மீ. இடைவெளியில் கறுப்பாகக் கோடு போட்டு, எழுதும் துண்டுக்கு அடியில் வையுங்கள். 100 ஜி.எஸ்.எம். வரை கோடு மேலே தெரியும். ஓரம் 12 மி.மீ. விட்டால் ஒரு வரிக்கு மூன்று, நான்கு தமிழ்ச் சொற்கள் பிடிக்கும். முப்பது சொல் பத்துப் பன்னிரண்டு வரியில் முடியும்.

மடிப்பு விழும் இடத்தில், அதாவது மேலிருந்து 74 மி.மீ. தூரத்தில், எழுத்து வரக் கூடாது. சீண்டல் மடிப்புக்கு மேலேயும் “ஆனா” மடிப்புக்குக் கீழேயும் வரும்படி எழுதினால் இடைவெளி தானாகவே அமைந்துவிடும். சிலர் சீண்டல் வரியை மடித்த தாளின் வெளிப்பக்கம் எழுதி, உள்ளே அன்பை வைப்பார்கள். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வெளிப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டால், போய்ச் சேர்ந்தது புகார் மட்டும்தான். எல்லாம் உள்பக்கமே இருக்கட்டும். வெளியே அவர் பெயர் போதும்.

வாசனைத் திரவியம் தெளிக்க வேண்டாம். எண்ணெய்க் கறை பிடிக்கும், மை பரவும். வாடிய பூ வைப்பதும் அப்படியே.

6. கையெழுத்து மோசமென்றால்

கோணல் கையெழுத்துக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. படிக்க முடிந்தால் போதும். மெதுவாக எழுதினாலே பாதி சரியாகிவிடும். அழகாக எழுதும் நண்பரிடம் கொடுத்து எழுதி வாங்குவது மட்டும் வேண்டாம். என்றாவது ஒரு நாள் உங்கள் உண்மையான கையெழுத்தை அவர் பார்ப்பார், அப்போது அந்தக் குறிப்பை எத்தனை பேர் படித்தார்கள் என்ற கேள்வி வரும்.

எழுதியது உங்களுக்கே புரியாது என்ற அளவுக்கு மோசம் என்றால் கையெழுத்து மாதிரியான எழுத்துருவில் அச்சிடலாம். கூகுள் எழுத்துருக்களில் Kavivanar என்பது தமிழுக்கு அப்படிச் சாய்ந்த கையெழுத்துச் சாயலில் இலவசமாகக் கிடைக்கிறது, யூனிகோடிலும் இருக்கிறது. யூனிகோடு என்பதைக் கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கும் அழகழகான தமிழ் எழுத்துருக்களில் பல பழைய குறிமுறையில் செய்தவை. நீங்கள் வழக்கமாகத் தட்டச்சு செய்யும் தமிழை அவற்றில் வைத்தால் எழுத்துரு மாறவே மாறாது, அல்லது கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவதைவிட அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவது மேல்.

அச்சிட்டாலும் இரண்டு குறை இருக்கும். எழுத்துருவில் ஒவ்வொரு “க”வும் ஒரே மாதிரிதான் விழும், அதனால் கையால் எழுதியது என்று யாரையும் ஏமாற்ற முடியாது. ஏமாற்ற முயலவும் வேண்டாம். தலைப்பில் அவர் பெயரையும் கடைசியில் உங்கள் பெயரையும் பேனாவால் எழுதிவிடுங்கள். இரண்டாவது, லேசர் அச்சின் பொடி மடிப்பில் உதிரும், இங்க்ஜெட் மை ஈரக் கையில் ஒட்டும். மடிப்பில் எழுத்து வராமல் பார்த்துக்கொண்டால் முதல் தொல்லை தீரும்.

கையொப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் போடாமல் “யாரென்று கண்டுபிடி” என்று விடாதீர்கள். எழுதுபவருக்கு அது சுவாரசியம். வாங்குபவருக்கோ, சுற்றியிருக்கும் ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்க்கும் நாள்கள்.

7. எங்கே செருகுவது

பொருளைக் கையில் எடுத்த பிறகு, அதைக் கீழே வைப்பதற்கு முன் குறிப்பு கண்ணில் பட வேண்டும். ரொம்ப மறைத்தால் தொலையும். பரிசுத்தாளின் உள்பக்கம் ஒட்டினால் தாளோடு குப்பைக்குப் போகும். பெட்டியின் அடி அட்டைக்குக் கீழே வைத்தால் யாரும் தூக்கிப் பார்க்கமாட்டார்கள். நீங்களோ அவர் படித்துவிட்டார் என்று நினைத்து அவர் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்தத் தவிப்பு எல்லாவற்றிலும் வீணானது.

தோழி முதலில் ஒரு புத்தகத்தின் நடுவில் புக்மார்க்கையும் குறிப்பையும் சேர்த்து வைக்கலாம் என்றாள். அழகான யோசனைதான். ஆனால் அவர் அந்தப் புத்தகத்தை எப்போது தொடங்குவார், நடுப்பக்கத்துக்கு எப்போது வருவார்? அதனால் புக்மார்க்கை ஒரு சின்னக் காகித உறைக்குள் போட்டு, மடித்த குறிப்பை அதன் முன்னால் வைத்தோம். உறையைத் திறந்தால் குறிப்பின் ஓரம் ஒரு விரல் அளவு வெளியே நிற்கும். உறையை ஒட்டவில்லை, வாயை மட்டும் உள்ளே மடித்துவிட்டோம். ஒட்டினால் கிழித்துத் திறப்பார், குறிப்பும் கிழியலாம்.

பொருளிலேயே குறிப்பை நாடாவால் ஒட்டுவதும் வேண்டாம். பிய்க்கும்போது பசை பொருளில் நிற்கும், தாள் உரிந்து வரும்.

8. எப்போது கொடுப்பது

மொத்த வேலைக்கும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு இரண்டு, மூன்று மாலை, நடுவில் சும்மா விட ஓர் இரவு, நல்ல தாளில் எழுத ஒரு மணி நேரம். முந்தின இரவு தொடங்கினால் நீங்கள் எழுதப்போவது மேலே பார்த்த “பொக்கிஷம்” குறிப்புதான்.

பிறந்தநாளில் கொடுக்க எல்லாருக்கும் தோன்றும். எனக்கு அது பிடிப்பதில்லை. பரிசுகள் குவிந்திருக்கும், எல்லார் முன்னாலும் பிரிப்பார்கள், யாராவது குறிப்பைப் பிடுங்கிச் சத்தமாகப் படிப்பார்கள். எந்த விசேஷமும் இல்லாத ஒரு சாதாரண நாள்தான் இதற்கு நல்லது. அவருக்குத் தேர்வோ நேர்காணலோ பெரிய வேலையோ மறுநாள் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

நேரம், இருவரும் பிரியும் நேரம். மாலை கிளம்பும்போது கொடுத்தால் அவர் தனியாகப் பிரித்துப் படிக்கலாம், முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தவிக்க வேண்டியதில்லை. ஒரே வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போகும் பயணத்தின் தொடக்கத்தில் கொடுத்துவிட்டால் இருவருக்கும் சிறைதான். கையில் கொடுத்து, “இது உனக்கு, மெதுவா பாரு” என்று சொன்னால் போதும். “உள்ளே ஒரு விஷயம் இருக்கு, வீட்டுக்குப் போய்த் தனியா இருக்கும்போது படி” என்றெல்லாம் சொல்லிவிட்டால், முப்பது சொல் குறிப்பால் அந்த எதிர்பார்ப்பைத் தாங்க முடியாது.

9. கொடுத்த பிறகு

“படிச்சியா?” என்று கேட்கக் கூடாது. இதுதான் ஒரே விதி, கடைப்பிடிக்கச் சிரமமான விதியும் இதுதான். அன்றிரவு கைபேசியில் அனுப்பவும் கூடாது, மறுநாள் கண்ணால் கேட்கவும் கூடாது.

அவர் சீண்டலுக்குப் பதில் சீண்டல் கொடுத்தால் கதவு திறந்திருக்கிறது. தோழியிடம் அவர் இரண்டு நாள் கழித்து, “உன் புத்தகங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு, அடுத்து கனமா ஒண்ணு குடு” என்றாராம். பேச்சு தொடர்கிறது, அதற்கு மேல் நடந்தது அவர்கள் விஷயம். “நன்றி, நல்லா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை யோசிக்கிறாரோ என்று இரண்டாவது குறிப்பு எழுதாதீர்கள். முதலாவது வேடிக்கையாக இருந்தது, இரண்டாவது வற்புறுத்தலாக இருக்கும். அவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, கொஞ்சம் விலகியும் நடக்கிறார் என்றால், நீங்கள் பழையபடி இருங்கள். புத்தகம் கேட்டால் கொடுங்கள். கிண்டலை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். பரிசைத் திருப்பிக் கொடுத்தால் காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

குறிப்பைப் படம் எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டு “எப்படி இருக்கு” என்று கேட்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கொடுப்பதற்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். அது அவர் காதுக்கு எட்டும்.

கடைசியாக, கெட்டுப்போன துண்டுகளை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிடுங்கள். அவசரத்துக்குக் கையில் கிடைத்த புத்தகத்துக்குள் செருகி வைக்காதீர்கள். தோழி அப்படிச் செருகிய ஒன்றைத்தான் அவர் அடுத்து இரவல் கேட்டார். கொடுப்பதற்கு முன் அவள் அந்தப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள்.